பிப்ரவரியில் முந்நூறு

சம்பளச் சீட்டில் கடைசி வரியை மட்டும் படிக்கிற மனிதர்களுக்காக நான் பதினேழு வருடமாகச் சீட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். கைக்கு வருவது எவ்வளவு என்று பார்ப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். நடுவில் இருக்கிற ஏழெட்டு வரிகள் எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான்.

கோலாப்பூர் சிரோலி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. விவசாய பம்பு செய்கிறோம். கோவாவில் ஒரு கிளை, பெல்காமில் ஒன்று, நொய்டாவில் ஒன்று. நான்கு ஊருக்கும் சம்பளம் போடுவது நான்தான், உஜ்வலா காட்கே. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தத் திமிரை நான் டீ நேரத்தில்தான் காட்டுவேன். போன வருட ஆரம்பத்தில் ஒருநாள், சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து தானாஜி டீ டம்ளரோடு வந்து என் மேஜைமேல் சாய்ந்தான்.

"உஜ்வலாக்கா, மாசாமாசம் இந்த இருநூறு யாரு பொண்ணு கல்யாணத்துக்குப் போவுது?"

"தொழில் வரிடா. நீ வேலை பார்க்கிறதுக்கு வரி."

"நான் வேலை பார்க்கிறேன்னு மேனேஜரே ஒத்துக்க மாட்டேங்கறாரு, அரசாங்கம் ஒத்துக்குதா?"

டீக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பர் மாருதி சவுகுலே மூலையில் நின்று வடா பாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். பேசினாலும் நட்டு, போல்ட், வாஷர் கணக்குதான்.

"நம்ம கோவா டிரைவர் பைலு இருக்கானே, அவனுக்கு இது வெட்டுறதே இல்லயாம். அதே சம்பளம், அதே லாரி. ஏன்க்கா?" என்றான் தானாஜி.

கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இது டில்லிக்காரன் போடுற வரி இல்ல. அந்தந்த மாநிலம் போடுறது. வருஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசியல் சாசனத்துலயே கட்டிப்போட்டிருக்கு. அதுக்குள்ள எவ்வளவு வாங்கறது, யாருகிட்ட வாங்கறது, வாங்கறதா வேணாமான்னு அவங்கவங்க இஷ்டம். கோவா வேணாம்னு விட்டுட்டான். நொய்டாவுலயும் கிடையாது. பெல்காம்ல இருபத்தஞ்சாயிரத்துக்குக் கீழ இருந்தா கிடையாது. நம்ம மஹாராஷ்டிராக்காரன் பத்தாயிரம் தாண்டினாலே முழுசா வெட்டுவான். பொம்பளைங்களுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் விட்டிருக்கான்."

"அப்போ நான் சேலை கட்டிக்கட்டுமா?"

"கட்டிக்கோ. பதினோரு மாசம் இருநூறு, பிப்ரவரியில மட்டும் முந்நூறு. கூட்டிப் பாரு, சரியா ரெண்டாயிரத்து ஐந்நூறு. உச்சவரம்பைத் தொட்டுட்டுத்தான் நிப்பான் நம்ம ஆளு."

மாருதி அண்ணா வடா பாவை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோவாவில் கிடையாது என்பது மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது. அது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மார்ச் கடைசியில் அவர் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார். கதவைச் சாத்தினார்.

"அக்கா, இன்சூரன்ஸ்காரன் கேட்டான். பையனுக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சு, இதைக் குடுத்தாத்தான் அவன் பேரு கார்டுல நிக்குமாம்."

உறையைத் திறந்தேன். மிரஜ் அரசு மருத்துவமனைச் சான்றிதழ். சோஹம் மாருதி சவுகுலே. அறிவுசார் குறைபாடு, எழுபத்தைந்து சதவீதம். அவருக்கு ஒரே பெண், பிரணாலி, கூட்டுறவுப் பால் பண்ணையில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்றுதான் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் பட்டியலில் ஒரு மகன் பெயரை நான் பார்த்திருக்கிறேன். எங்கேயோ படிக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

"மிரஜ்ல ஒரு இல்லத்துல இருக்கான். பத்து வருஷமா. வலிப்பு வரும். ஞாயித்துக்கிழமை நான் போவேன்" என்றார். பிறகு ஒரு மாதிரிச் சிரித்தார். "பஸ் டிக்கெட்டுன்னா உயிரு அவனுக்கு. வாரம் பூரா யாராச்சும் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வச்சு எடுத்துட்டுப் போவேன்."

"சொன்னதே இல்லையே அண்ணா."

"பிரணாலிக்கு வரன் பார்க்கிறோம். இன்சூரன்ஸுக்கு மட்டும் வச்சுக்கங்க. வேற யாருக்கும் வேணாம்."

சரி என்றேன். அந்தச் சரியை நான் மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அவர் போனதும் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. இந்த மனுஷன் எத்தனை வருடமாகத் தொழில் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்! மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எங்கள் மாநிலத்தில் அந்த வரியே கிடையாது. அரசு மருத்துவமனைச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, பத்து வருடம். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்காக எரிந்தது என்று அன்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணில் படாமல் ஒரு விலக்கு இத்தனை நாள் ஓடிவிட்டதே என்ற எரிச்சலும் அதில் பாதி.

ஏப்ரல் முதல் வாரம் எல்லோரும் என் மேஜைக்கு வந்து வருடக் காகிதங்களில் கையெழுத்துப் போடுவார்கள். பி.எஃப்., இன்சூரன்ஸ், வருமான வரி அறிவிப்பு என்று ஒரு கட்டு. நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பேன். குறி இருக்கிற இடத்தில் கையெழுத்து. யாரும் படிப்பதில்லை, நானும் படிக்க விடுவதில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள்.

மாருதி அண்ணாவின் கட்டில் ஒரு காகிதம் அதிகம். தொழில் வரி விலக்குக்கான விண்ணப்பம்.

"இங்க, இங்க, அப்புறம் இதுல அண்ணா."

போட்டார். சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் மகன் பேச்சை எடுக்க முடியாது, அப்புறம் தனியாகச் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தேன். உண்மையைச் சொன்னால், அவராகவே சீட்டில் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த ஏப்ரலில்தான் சம்பள உயர்வும் வந்தது. கூட வந்த இருநூறு அதற்குள் முங்கிவிட்டது. அவரும் கடைசி வரி மட்டும் படிக்கிறவர்தானே.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு பிரணாலிக்கு வரன் கூடிவந்தது. பையன் தேவ்தத், புனேயில் கார் கம்பெனியில் இன்ஜினியர். குடும்பம் இச்சல்கரஞ்சி. பையனின் அப்பா இல்லை, சித்தப்பாதான் எல்லாம். விலாஸ்ராவ் நலவடே, அங்கே ஒரு கடன் சங்கத்தில் மேலாளர். ஸ்டோர் முழுக்கப் பேடா கொடுத்தார் மாருதி அண்ணா. எனக்கு மட்டும் இரண்டு.

ஜனவரி பத்தாம் தேதி வாக்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் அறைக்கு வந்து மறுபடியும் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு லெட்டர் வேணும். நான் கோவா கிளை கணக்குல இருக்கேன்னு."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. குடுங்க."

"பொய் லெட்டர்ல நான் எப்படி சீல் வைக்கிறது? என்ன ஆச்சுன்னு சொல்லுங்க முதல்ல."

உட்கார்ந்தார். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்க அவர் வேறு வங்கிக்குப் போவதாக இருந்தாராம். விலாஸ்ராவ்தான், நம்ம சங்கம் இருக்கும்போது எதுக்கு வெளியே, வட்டி குறைச்சுத் தர்றேன், மூணு மாசச் சீட்டு மட்டும் கொண்டு வாங்க என்றிருக்கிறார். அக்டோபர், நவம்பர், டிசம்பர். இவர் அச்சடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"முதல் சீட்டைப் பார்த்தாரு. ரெண்டாவதைப் பார்த்தாரு. தொழில் வரி எங்கே மாருதிராவ்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. என் கிட்ட கடனுக்கு வர்ற அத்தனை பேருக்கும் இருநூறு வெட்டியிருக்கு, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லேங்கறாரு. சும்மா கேக்குறாருன்னுதான் நெனச்சேன். நீங்க அன்னைக்குச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. என் சம்பளம் கோவா கிளையிலேர்ந்து வருதுன்னேன்."

நுணலும் தன் வாயால் கெடும். நான் டிசம்பர் சீட்டைத் திரையில் திறந்தேன். தொழிலாளர் நல நிதி, இருபத்தைந்து ரூபாய். ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும் வரும் பிடித்தம் அது. கோவாவாக இருந்தால் அறுபது இருக்க வேண்டும்.

"இதைக் கவனிச்சாரா?" என்றேன்.

"அதைத்தான் கடைசியா விரல் வச்சுக் காட்டினாரு. கோவாவுல வேலை பார்க்கிற இச்சல்கரஞ்சிப் பசங்க இருபது பேரு எங்கிட்ட கடன் வாங்கியிருக்காங்க, அவங்களுக்கு அறுபது, உங்களுக்கு இருபத்தஞ்சான்னாரு. கம்பெனி லெட்டர் கொண்டு வாங்கன்னுட்டாரு. அக்கா, எனக்கு ஏன் வெட்டல? யாரு நிறுத்தினா?"

நான்தான் என்றேன். சோஹமின் சான்றிதழ், ஏப்ரல் கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே சட்டப் பிரிவையும் சேர்த்துச் சொன்னேன். அந்த நேரத்திலும் என் வாய்க்கு அது தேவைப்பட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் என்னைப் பிள்ளையார் பிடிக்கச் சொன்னவர் யார்?

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"இன்சூரன்ஸுக்கு மட்டும்னு சொன்னேனே" என்றார்.

"உங்களுக்கு மிச்சமாகுமேன்னுதான்..."

"இருநூறு ரூபா. இருநூறு ரூபா மிச்சம் பண்ணிக் குடுத்தீங்க எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்னுடையது என்பதால்தான் வந்தது. "அண்ணா, முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோத்துல மறைப்பீங்க? பெத்த பிள்ளை. உண்மையைச் சொல்லிடுங்களேன். ஒத்துக்கிட்டா கட்டட்டும், இல்லேன்னா போகட்டும்."

"நாலு வரன் வந்துச்சு. நாலு பேருகிட்டயும் சொன்னேன். பரம்பரையா வருமான்னு கேட்டான் ஒருத்தன். பிரணாலி ரத்தத்தை டெஸ்ட் பண்ணிக் குடுங்கன்னா இன்னொருத்தி. மத்த ரெண்டு பேரு போனே எடுக்கல. உங்களுக்குப் பொண்ணு இருக்காக்கா?"

இல்லை.

அப்போதுதான் போன் அடித்தது. இச்சல்கரஞ்சி எண். கடன் சங்கங்கள் ஆள் உண்மையா என்று விசாரிக்க என் மேஜைக்குத்தான் பேசும். மாருதி அண்ணா எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வணக்கம், நலவடே பேசறேன். மாருதி சவுகுலே உங்க ஆளுதானே?"

"ஆமா சார். பத்தொன்பது வருஷ சர்வீஸ்."

"எந்தக் கிளை?"

எதிரில் மாருதி அண்ணா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோலாப்பூர்தான்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படித்தான் நெனச்சேன். மேடம், நான் இருபத்தெட்டு வருஷமா சீட்டு பார்க்கிறவன். இந்தச் சம்பளத்துக்கு மஹாராஷ்டிராவுல தொழில் வரி வெட்டலேன்னா காரணம் நாலஞ்சுதான் இருக்கு. அவருக்கு அறுபத்தஞ்சு வயசு ஆகல. பட்டாளத்துல இல்ல. கை காலு நல்லா இருக்கு. அப்போ மிச்சம் ஒண்ணுதான். வீட்டுல யாராச்சும்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை.

"என் தப்பு சார்" என்றேன். "ஏப்ரல்ல புது சாஃப்ட்வேர் போட்டோம். விலக்குக் கட்டத்துல அவருக்குத் தவறுதலா டிக் விழுந்திருக்கு. இப்பத்தான் பார்த்தேன். இந்த மாசம் பாக்கியெல்லாம் சேர்த்து வெட்டிடுவோம்."

"அவரு கோவான்னு சொன்னாரே?"

"கோவா கிளைக்குச் சரக்கு அனுப்புற பொறுப்பு அவருது. பாவம், சீட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? யாரோ சொன்னதை வச்சுச் சொல்லியிருப்பாரு."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு சிரிப்புக் கேட்டது.

"ஒன்பது மாசமா கவனிக்கலியா? நல்ல ஆபீஸ். பொம்பளைங்களுக்கு விலக்கு குடுத்தாலும் குடுத்தான், அந்த வரியே உங்களுக்கு மறந்துபோச்சு போல."

"எனக்கும் வெட்டுறாங்க சார். இருநூறு" என்றேன்.

"ஜனவரிச் சீட்டை அனுப்பச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

பதினேழு வருடத்தில் ஒரு ரூபாய் தப்பாகப் போட்டதில்லை நான். போடாத தப்பை ஒப்புக்கொண்டு ஒரு ஆளிடம் இளக்காரப் பேச்சு வாங்கினேன். ஆனால் அது என்னைச் சுடவில்லை. போனை வைத்ததும் மாருதி அண்ணா என் காலைத் தொடக் குனிந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதுதான் சுட்டது.

"எந்திரிங்க அண்ணா" என்று அதட்டினேன்.

விலக்கு வேண்டாம் என்று அவர் பெயரில் ஒரு கடிதம் அடித்தேன். கையெழுத்துப் போட்டார். ஜனவரிச் சீட்டில் தொழில் வரி இருநூறு, ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பாக்கி ஆயிரத்து எண்ணூறு. மகன் ஒருவன் இருக்கிறான், அவனை வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம், இந்த ஆளை விடு என்று அரசாங்கமே ஒதுங்கி நின்றது. எங்கள் மாநிலம் இதை ஒரு வரியாகச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியை அழிக்க, பெற்றவரே பணம் கட்டினார். அந்தச் சீட்டை நானே போட்டேன்.

கடன் கிடைத்தது. பிப்ரவரி இருபதாம் தேதி கல்யாணம். நான் போனேன். போகாமல் இருக்கத் தைரியம் இல்லை.

எங்கள் கல்யாணங்களில் மணப்பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காதைத் திருக வேண்டும். என் அக்காவை நல்லா வச்சுக்கோ என்று அர்த்தம். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு பரிசு கொடுப்பார், சபை சிரிக்கும். "பொண்ணோட தம்பி எங்கே, வாப்பா" என்று புரோகிதர் கூப்பிட்டார். "தம்பி கிடையாதுங்க, மாமா பையன் வருவான்" என்று யாரோ சொன்னார்கள். மாமா பையன் வந்து தேவ்தத்தின் காதைப் பிடித்துத் திருகினான். எல்லோரும் கைதட்டினார்கள். விலாஸ்ராவ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிரணாலி மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. பெண்ணுக்குக் கூச்சம் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாருதி அண்ணா என் இலைக்கு ஜிலேபி வைக்க வந்தார்.

"நேத்து மிரஜ் போயிட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. "புதுச் சட்டை வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

ஜிலேபியை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அந்த மாதச் சீட்டில் அவருக்கு முந்நூறு வெட்டினேன். ஜனவரியில் போட்ட பாக்கியோடு, விலக்குக்கு முந்தைய மார்ச்சிலிருந்து இருநூறு இருநூறாகப் பதினோரு மாதம், பிப்ரவரியில் முந்நூறு. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு. உச்சவரம்பு. ஒரு பைசா குறையவில்லை.

ஏப்ரலில் மறுபடியும் கையெழுத்துக் கட்டு. இந்த முறை நான் பென்சில் குறி போடவில்லை. எல்லோரையும் படித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். தானாஜி, "என்னக்கா, சொத்தை எழுதி வாங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படிக்காமலே போட்டான். மாருதி அண்ணா கடைசியாக வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு தாளாக, விரலை வைத்து, மேலிருந்து கீழே படித்தார். இன்சூரன்ஸ் படிவத்தில் விரல் நின்றது. சார்ந்திருப்போர்: மனைவி, மகன் சோஹம். கல்யாணமாகிவிட்டதால் பிரணாலியின் பெயரை நான் எடுத்திருந்தேன்.

பேனாவால் சோஹமின் பெயரின்மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

"அண்ணா, வேணாம்" என்றேன். "இந்தக் கார்டை யாரும் பார்க்க மாட்டாங்க. வலிப்பு வர்ற பிள்ளை. நாளைக்கு ஆஸ்பத்திரின்னா லட்சக்கணக்குல உங்க தலையில விழும். ஒருதடவை எடுத்துட்டா, இந்த வயசுல மறுபடி சேர்க்கவும் மாட்டான்."

"கல்யாணத்துக்கு வெளிய வாங்கின கடனை அடைக்க, சங்கத்துல இன்னொரு கடன் கேட்டிருக்கேன். எல்லாச் சீட்டும் எல்லாக் கார்டும் நகல் கேக்குறாரு விலாஸ்ராவ்" என்றார். "சம்பந்தி வீட்டுல பேப்பர் படிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்காருக்கா."

கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார், திருத்தம் செய்தால் அப்படித்தான் போட வேண்டும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மீதித் தாள்களையும் விடாமல் படித்தார். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"பார்த்துட்டேன்க்கா. எல்லாம் சரியா இருக்கு."